சுவிஸ் பிராங்க் எகிறிய நாளில் கணக்கு எங்கே தவறியது?

2015 ஜனவரி 15, வியாழக்கிழமை. சூரிச்சில் காலை பத்தரை மணிக்கு சுவிட்சர்லாந்தின் மத்திய வங்கியான சுவிஸ் தேசிய வங்கி ஒரு சிறிய அறிக்கையை வெளியிட்டது. ஒரு யூரோவின் விலையை 1.20 பிராங்குக்குக் கீழே இறங்க விடமாட்டோம் என்று 2011 செப்டம்பர் 6 முதல் அது காத்துவந்த வரம்பு அந்த நிமிடமே நீங்கியது. சில நிமிடங்களில் யூரோ ஒரு பிராங்குக்கும் கீழே போனது. பிறகு கொஞ்சம் மீண்டு, சுமாராக ஒரு யூரோவுக்கு ஒரு பிராங்க் என்ற நிலைக்கு வந்து நின்றது. உலகின் முக்கியமான இரண்டு நாணயங்களுக்கு இடையே ஒரே காலையில் ஏறத்தாழ 15 சதவீதச் சரிவு. அதற்கு மூன்று நாள் முன்புதான் அதே வங்கியின் துணைத் தலைவர், இந்த வரம்பே எங்கள் கொள்கையின் அச்சாணி என்று தொலைக்காட்சியில் சொல்லியிருந்தார்.

அன்று பணத்தை இழந்த வங்கிகளிலும் தரகு நிறுவனங்களிலும் இடரை அளக்கும் துறைகள் இருந்தன. கணிதம் படித்தவர்கள் தினமும் அங்கே கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கின் பெயர் ‘வேல்யூ அட் ரிஸ்க்’, சுருக்கமாக ‘வார்’. அது என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை அந்த ஒரு நாளை வைத்தே பார்த்துவிடலாம்.

‘வார்’ புழக்கத்துக்கு வந்ததில் ஜே.பி. மார்கன் வங்கிக்குப் பெரிய பங்கு உண்டு. நாளை வங்கிக்கு எவ்வளவு போகக்கூடும் என்பது ஒரே பக்கத்தில், தினமும் மாலை 4.15க்குத் தன் மேசைக்கு வர வேண்டும் என்று அதன் தலைவர் டென்னிஸ் வெதர்ஸ்டோன் கேட்டார். அதற்காக உருவான முறையை 1994இல் அந்த வங்கி ‘ரிஸ்க்மெட்ரிக்ஸ்’ என்ற பெயரில் வெளியே கொடுத்தது. 1996இல் வங்கிகளுக்கான பன்னாட்டு பாசெல் விதிகளிலும் அது இடம்பிடித்தது.

கணக்கு கடினமானதல்ல. ஒரு வர்த்தகர் கையில் 1 கோடி யூரோ இருக்கிறது, அவர் லாப நஷ்டத்தைப் பிராங்கில் பார்க்கிறவர் என்று வைத்துக்கொள்வோம். 1.20 விலையில் அதன் மதிப்பு 1 கோடியே 20 லட்சம் பிராங்க். கடந்த ஓராண்டில், அதாவது சுமார் 250 வர்த்தக நாட்களில், விலை ஒவ்வொரு நாளும் எத்தனை சதவீதம் ஏறி இறங்கியது என்று எடுக்கிறோம். பள்ளியில் படித்த அதே திட்ட விலக்கத்தைக் கணக்கிடுகிறோம். வரம்பு அமலில் இருந்த அந்த அமைதியான மாதங்களுக்கு, நாளொன்றுக்கு 0.1 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளலாம். மணி வடிவ வளைவின்படி, 100 நாட்களில் 99 நாட்கள் நஷ்டம் 2.33 திட்ட விலக்கத்தைத் தாண்டாது. ஆக, 0.233 சதவீதம். பணமாகச் சொன்னால் சுமார் 28,000 பிராங்க். இதுதான் அவருடைய ஒருநாள், 99 சதவீத ‘வார்’.

ஜனவரி 15 அன்று அவர் இழந்திருக்கக்கூடியது 15 சதவீதம், அதாவது 18 லட்சம் பிராங்க். ‘வார்’ சொன்னதைப் போல 64 மடங்கு.

இதைக் கேட்டதும் ‘வார்’ பொய் சொல்லிவிட்டது என்று தோன்றும். ஆனால் அது சொன்ன வாக்கியம் அப்படியே நிற்கிறது. 100இல் 99 நாட்கள் இதற்குள் இருக்கும் என்றது, இருந்தது. மிச்சமுள்ள அந்த ஒரு நாள் எவ்வளவு மோசமாக இருக்கும் என்பது பற்றி அது வாயே திறக்கவில்லை. மாதிரியைச் சரிபார்க்கும் முறையிலும் இதே ஓட்டை உண்டு. பாசெல் விதிப்படி, 250 நாட்களில் எத்தனை நாள் நஷ்டம் ‘வாரை’த் தாண்டியது என்று எண்ணுவார்கள். நான்கு நாள் வரை பச்சை, ஐந்து முதல் ஒன்பது வரை மஞ்சள், பத்தும் அதற்கு மேலும் சிவப்பு. நஷ்டம் 29,000 பிராங்க் ஆனாலும் 18 லட்சம் ஆனாலும் ஒரு நாள் ஒரு நாள்தான். வர்த்தகரையே கவிழ்த்துவிட்ட நாள், மதிப்பெண் அட்டையில் ஒரே ஒரு கோடாக விழுகிறது. மாதிரி இன்னும் பச்சையிலேயே இருக்கிறது.

சரி, அந்த மிச்ச நாளின் ஆழத்தைச் சொல்ல என்ன வழி? மணி வடிவ வளைவைக் கேட்டால் அது சொல்லும் பதில் விபரீதமானது. அந்த வளைவின்படி 4 திட்ட விலக்கத்துக்கு மேற்பட்ட சரிவு நூற்றாண்டுக்கு ஒன்று வரலாம். 5 என்றால் சுமார் 14,000 ஆண்டுகளுக்கு ஒன்று. 8 என்றால் பிரபஞ்சத்தின் வயதே போதாது. ஆனால் 2007 ஆகஸ்டில் கோல்ட்மேன் சாக்ஸ் நிறுவனத்தின் நிதித் தலைவர், 25 திட்ட விலக்க அளவிலான அசைவுகளை அடுத்தடுத்துப் பல நாட்கள் பார்த்ததாகச் சொன்னார். பிராங்க் எகிறிய மறுநாள், அந்தப் பதவிக்கு அவருக்குப் பின் வந்தவர், இது 20 திட்ட விலக்கத்துக்கும் மேல் என்று சிலர் கணக்கிடுவதாகச் சொன்னார். பிரபஞ்சம் தோன்றியதிலிருந்து ஒருமுறைகூட நடந்திருக்கக் கூடாதது ஒரே நிறுவனத்தில் எட்டு ஆண்டுகளுக்குள் திரும்பவும் பேச்சாகிறது என்றால், கோளாறு அதிர்ஷ்டத்தில் இல்லை, வளைவில்தான்.

இங்கேதான் ‘தடித்த வால்’ வருகிறது. மணி வடிவ வளைவின் ஓரம் மிக வேகமாக மெலிந்து ஒன்றுமில்லாமல் போய்விடும். சந்தை விலைகளின் ஓரம் அப்படி மெலிவதில்லை. 1963இல் கணிதவியலாளர் பெனுவா மாண்டல்பிராட் பருத்தி விலைகளை ஆராய்ந்து இதைக் காட்டினார். பிற்காலத்தில் பல பங்குச் சந்தைகளின் தரவுகளை அலசியவர்கள், பெரிய அசைவுகள் ஏறத்தாழ ஒரு மும்மடி விதிக்குக் கட்டுப்படுவதைக் கண்டார்கள். அசைவின் அளவு இரட்டிப்பானால் அதன் வாய்ப்பு எட்டில் ஒரு பங்காகும். அவ்வளவுதான்.

இந்த வேறுபாட்டை எண்ணில் பார்த்தால்தான் உறைக்கும். 2 திட்ட விலக்கத்திலிருந்து 4க்குப் போனால் மணி வளைவில் வாய்ப்பு 700 மடங்கு குறைகிறது. 4லிருந்து 8க்குப் போனால் சுமார் 5,000 கோடி மடங்கு குறைகிறது. தடித்த வாலில் முதல் தடவையும் எட்டு மடங்கு, அடுத்த தடவையும் எட்டு மடங்குதான். பெரிய சரிவு அரிதாகவே இருக்கிறது, ஆனால் ஒரு மனித வாழ்நாளுக்குள் எதிர்பார்க்கக்கூடிய அரிதாக மாறிவிடுகிறது.

அப்படியானால் தடித்த வாலைப் பயன்படுத்தியிருந்தால் யூரோவின் இந்தச் சரிவு பிடிபட்டிருக்குமா? போட்டுப் பார்ப்போம். அமைதியான அந்த மாதங்களில், 3 திட்ட விலக்கமான 0.3 சதவீதத்தைத் தாண்டும் சரிவு 200 நாளுக்கு ஒருமுறை வந்ததாகக் கொள்வோம். 15 சதவீதம் என்பது அதைப் போல 50 மடங்கு. மும்மடி விதிப்படி வாய்ப்பு 1,25,000 மடங்கு குறையும். 200ஐ அதனால் பெருக்கினால் இரண்டரைக் கோடி நாட்கள், அதாவது ஒரு லட்சம் ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயதோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். ஆனாலும் மூன்றரை ஆண்டுகளுக்குள் நடந்துவிட்டதை ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று சொல்லும் மாதிரியை யார் நம்புவார்கள்?

வளைவை மாற்றியும் தவறு போகவில்லை என்றால், அது வளைவுக்கும் முன்னாலேயே நுழைந்துவிட்டது என்று பொருள். 0.1 சதவீதம் என்ற அந்தத் திட்ட விலக்கத்தைத் திரும்பப் பாருங்கள். சந்தை தானாக அமைதியாக இருக்கவில்லை. விலை 1.20ஐ நெருங்கும்போதெல்லாம் சுவிஸ் தேசிய வங்கி பிராங்கை அச்சடித்து யூரோவை வாங்கிக்கொண்டிருந்தது. மதகை இறுக மூடிய ஏரியின் கீழ்ப்புறம் நின்று வாய்க்கால் நீரை அளந்தது போன்ற அளவீடு அது. மேலே மட்டம் ஏறிக்கொண்டிருந்தது. 2014 முடிவில் அந்த வங்கியின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு 50,000 கோடி பிராங்கை நெருங்கிவிட்டது. ஐரோப்பிய மத்திய வங்கியோ பெரிய அளவில் கடன்பத்திரங்களை வாங்கி யூரோவைச் சந்தையில் கொட்டத் தயாராகிக்கொண்டிருந்தது. ஆபத்து வளர்ந்த அதே மாதங்களில் ‘வார்’ சிறிதாகத் தெரிந்தது. ‘வார்’ பார்த்தது விலையை மட்டும்தான், விலையைப் பிடித்து வைத்திருந்த கையை அல்ல.

இன்னொரு சங்கதியும் உண்டு. எச்சரிக்கை தரவிலேயே இருந்தது. வரம்பு அறிவிக்கப்பட்ட 2011 செப்டம்பர் 6 அன்று யூரோ ஒரே நாளில் 8 சதவீதத்துக்கு மேல் தாவியிருந்தது. அதற்கு முந்தைய மாதம் அது ஒரு பிராங்கைத் தொடும் தூரத்துக்கு இறங்கியிருந்தது. 250 நாள் சாளரத்தின் வழியே பார்த்த மாதிரிக்கு, 2012 முடிவதற்கு முன்பே அந்த நாட்கள் கண்ணிலிருந்து மறைந்துவிட்டன.

சிறிய ‘வார்’ இன்னொரு வேலையும் செய்கிறது. ஆபத்து குறைவு என்று காட்டுவதால் அதிகக் கடனில் வர்த்தகம் செய்யத் துணிவு தருகிறது. அமெரிக்காவில் சில்லறை வர்த்தகர் அப்போது 2 சதவீதப் பணத்தை மட்டும் கட்டி நாணயத்தில் இறங்க முடிந்தது. 15 சதவீதச் சரிவில் அவர் கட்டியதைப் போல ஏழரை மடங்கு போகும். ‘ஸ்டாப் லாஸ்’ போட்டிருந்தவர்களையும் அது காப்பாற்றவில்லை. 1.19இல் விற்றுவிடு என்று ஆணை இருந்தது, 1.19இல் வாங்கத்தான் ஆள் இல்லை. எஃப்எக்ஸ்சிஎம் என்ற தரகு நிறுவனத்துக்கு அதன் வாடிக்கையாளர்கள் சுமார் 22.5 கோடி டாலர் பாக்கி வைத்தார்கள். 30 கோடி டாலர் அவசரக் கடன் வாங்கித்தான் அது பிழைத்தது. பிரிட்டனில் அல்பாரி நிறுவனம் திவாலானது.

வங்கி விதிகள் இந்த ஓட்டைகளில் சிலவற்றை அடைக்கப் பார்த்திருக்கின்றன. புதிய பாசெல் விதிகள் ‘வாரை’ விட்டு, ‘எக்ஸ்பெக்டட் ஷார்ட்ஃபால்’ என்ற அளவுக்கு மாறின. எல்லை எங்கே என்று கேட்பதோடு நில்லாமல், எல்லையைத் தாண்டிய நாட்களில் சராசரியாக எவ்வளவு போகும் என்று அது கேட்கிறது. கணக்குக்குக் கடந்த காலத்தின் நெருக்கடியான ஓராண்டையும் எடுக்கச் சொல்கிறது. நம் பங்குச் சந்தைகளும் தரகர்களிடம் ‘வார் மார்ஜின்’ வசூலிப்பதோடு, அதன் மேல் ‘எக்ஸ்ட்ரீம் லாஸ் மார்ஜின்’ என்று தனியாக இன்னொன்றும் வாங்குகின்றன. ‘வார்’ மட்டும் போதாது என்ற ஒப்புதல் அது. ஆனாலும் தரவில் இல்லாத நாளை எந்தச் சராசரியும் கொண்டுவந்துவிடாது.

அதற்கு வாய்ப்பைக் கணக்கிடுவதை ஒதுக்கிவைத்து நேராகக் கேட்க வேண்டும்: வரம்பு போனால் என்ன ஆகும்? பழைய விலைகளைப் பார்த்தாலே 15 சதவீதம் என்ற பதில் கிடைத்திருக்கும். அது என்று வரும் என்பதைச் சொல்ல முடியாது, சொல்லத் தேவையும் இல்லை. நம் வர்த்தகரிடம் 5 லட்சம் பிராங்க்தான் சொந்தப் பணம் என்றால், 18 லட்சம் நஷ்டம் அவரைத் தாங்காது. அவர் வைத்திருக்கக்கூடியது அதிகபட்சம் சுமார் 27 லட்சம் யூரோ, 1 கோடி அல்ல. ‘வார்’ 28,000 என்று காட்டுகிற அதே தாளில், இந்த இரண்டாவது எண்ணும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.