மூன்று வயது என்பது அறிவுக் கணக்கல்ல

ஒரு கட்டுமானக் கட்டை பொம்மையின் விளம்பர வரைவு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: “நூறு சதவீதம் பாதுகாப்பானது. சுட்டிக் குழந்தைகளுக்கு 3+.” படத்தில் தவழும் குழந்தை.

இதில் மூன்று பிழைகள். முதலாவது, எந்தப் பொம்மையும் முழுக்கப் பாதுகாப்பானதல்ல. இந்தியாவில் பொம்மைகளுக்கு 2021 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், ஆனால் அது தரச்சான்றுதான், உத்தரவாதமல்ல. “ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றது” என்றால் போதும்.

இரண்டாவது, “சுட்டி” என்ற சொல். அதைப் படிக்கும் பெற்றோர், ‘நம் பிள்ளை கெட்டிக்காரன், இரண்டு வயதிலேயே விளையாடுவான்’ என்று வாங்கிவிடுவார்கள். உண்மையில் அந்த 3 தொண்டையைப் பற்றியது. சோதனைக்கூடத்தில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு உருளைக்குள் ஒரு பாகம் முழுதாக அடங்கினால், மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அந்தப் பொம்மை ஆகாது.

மூன்றாவது படம். எழுத்து மூன்று என்றாலும், கண் தவழும் குழந்தையைத்தான் நம்பும். நான்கு வயதுப் பிள்ளையின் படம் வேண்டும்.

“உயிருக்கு ஆபத்து!” என்று அலறவும் வேண்டாம், பயம் வருமே தவிர, என்ன செய்வதென்று தெரியாது. இப்படி எழுதலாம்: “3 வயது நிரம்பியவர்களுக்கு. சிறிய பாகங்கள் தொண்டையில் அடைக்கலாம். விளையாடி முடித்ததும் தம்பி தங்கைக்கு எட்டாமல் எடுத்துவையுங்கள்.”