வயிற்று வலி என்று வந்த பையன்

இரவு 11.30 மணிக்கு விடுதி நண்பர்கள் இரண்டு பேர் தோளில் தாங்கி அழைத்துவந்த அந்தக் கல்லூரி மாணவனுக்கு வயது 19. சீட்டில் ‘அடிவயிற்று வலி, இரண்டு முறை வாந்தி’ என்று எழுதியிருந்தது. வயிற்றில் ஜெல் தடவிப் பார்த்தேன். சிறுநீரகம், குடல்வால் எதிலும் கோளாறு இல்லை.

“தம்பி, இன்னும் கீழே எங்கேயாவது வலி இருக்கா?”

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். “இடது விதையிலதான் சார் ஆரம்பிச்சுது. ஒன்பது மணி இருக்கும்.”

வெட்கம் பாதிதான் காரணம். கருவில் விதை உருவாவது வயிற்றுக்குள். பிறகுதான் பைக்கு இறங்குகிறது. நரம்பும் மேலிருந்தே வருவதால் விதையின் வலி அடிவயிற்றில் தெரியும், குமட்டும். வயிற்று வலி என்று வரும் பையனின் கால்சட்டையைக் கழற்றிப் பார்க்காத டாக்டர் ஏமாந்துபோவது இதனால்தான்.

விதைப்பைக்கு ஸ்கேன் செய்யும்போது நான் முதலில் வைப்பது வலியில்லாத பக்கத்தில். விதைக்குள் ரத்தம் மெதுவாகத்தான் ஓடும். கலர் டாப்ளரை அந்த மெல்லிய ஓட்டம் தெரிகிற அளவுக்குக் கூட்டிவைக்காவிட்டால் நல்ல விதையும் செத்த விதைபோலக் காட்டும். அவனுடைய வலது விதையில் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள் மினுக்கின. அதே அமைப்பை மாற்றாமல் இடப்பக்கம் கொண்டுபோனேன். ஒரு புள்ளிகூட இல்லை. விதை சற்று மேலேறி, குறுக்காகக் கிடந்தது. அதைத் தொங்கவிடும் தண்டைத் தொடர்ந்து மேலே போனால், ஓரிடத்தில் முறுக்குப் பிழிந்ததுபோல வட்டமாகச் சுருண்டிருந்தது. விதை முறுக்கம்.

இந்தச் சுருளைத் தேடுவதுதான் முக்கியம். முறுக்கு லேசாக இருந்தால் மெல்லிய சுவருள்ள சிரைகள்தான் முதலில் நசுங்கும். தமனியில் ரத்தம் வந்துகொண்டே இருக்கும். தானாகவே அவிழ்ந்துகொண்ட விதையில் கலர் வழக்கத்தைவிட அதிகமாகக்கூடத் தெரியும். கலர் இருக்கிறது, முறுக்கு இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டால் அந்த விதை போய்விடலாம். விதையோடு ஒட்டிய விந்துக்குழாய்ச் சுருளில் கிருமி தொற்றினாலும் கலர் கூடும். ஆனால் அந்த வலி பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளாக ஏறிவரும். காய்ச்சலோ, சிறுநீர் கழிக்கையில் எரிச்சலோ இருக்கும். முறுக்கம் மணி சொல்லக்கூடிய அளவுக்குத் திடீரென்று வரும்.

சுமார் 6 மணி நேரத்துக்குள் அவிழ்த்தால் விதை பெரும்பாலும் பிழைக்கும். ஒரு நாள் கடந்தால் அரிதாகவே பிழைக்கும். அறிகுறிகள் பளிச்சென்று இருந்தால் ஸ்கேனுக்குக்கூடக் காத்திராமல் அறுவைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று, ஸ்கேன் பார்த்துப் பிழைக்கிற நானே சொல்வேன். நள்ளிரவு தாண்டி முக்கால் மணிக்கு அவனைத் திறந்தார்கள். விதை கருநீலமாக இருந்ததாம். அவிழ்த்து, வெந்நீர் உப்புக்கரைசலில் நனைத்த துணியைச் சுற்றிக் காத்திருக்க, நிறம் திரும்பியது. விதை பையோடு சரியாக ஒட்டாமல் மணியின் நாக்குபோல ஆடுவதுதான் இந்த முறுக்குக்கு வழக்கமான காரணம். அந்தக் குறை பெரும்பாலும் இரு பக்கமும் இருக்கும் என்பதால் வலது விதைக்கும் தையல் போட்டு நிறுத்தினார்கள்.

வலியில்லாத வீக்கத்துக்கு இந்த ஓட்டம் தேவையில்லை. வேறுவிதக் கவனம் தேவை. ஓதம் என்று ஊரில் சொல்லும் நீர்க்கோவை, திரையில் விதையைச் சுற்றிக் கன்னங்கரேலென்று தெரியும். இருட்டறையில் டார்ச் அடித்தாலே வெளிச்சம் ஊடுருவும் என்பதால் ஸ்கேன் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நீருக்குள் மூழ்கிக் கிடக்கும் விதையை டார்ச் காட்டாது. இளவயதில் புதிதாக நீர் சேர்ந்தால், உள்ளே ஒரு கட்டி இருந்து அதனால்கூடச் சேர்ந்திருக்கலாம்.

கட்டி என்றால் நான் பார்க்கும் முதல் விஷயம், அது விதைக்கு வெளியே இருக்கிறதா, உள்ளேயா என்பது. வெளியே, விதையின் தலைமாட்டில் மெல்லிய சுவரோடு நீர் நிறைந்த சிறு பை அடிக்கடி அகப்படும்; அதனால் தீங்கு இல்லை. இடப்பக்கம் புழு மூட்டைபோலக் கைக்குத் தட்டுவது பெருத்த சிரைகள். மூச்சை அடக்கி முக்கச் சொன்னால் இன்னும் புடைக்கும். ஆனால் விதைக்கு உள்ளேயே திண்மையான, சுற்றியுள்ள சதையைவிடக் கறுத்த ஒரு திட்டு, அதற்குள் ரத்த ஓட்டம் என்றால், வேறு என்று தெரியும்வரை புற்று என்றே எடுத்துக்கொள்வோம். சுமார் 15 முதல் 35 வயதுவரை ஆண்களுக்கு வரும் திண்மக் கட்டிப் புற்றுகளில் இது முன்னணியில் இருப்பது, பெரும்பாலும் வலிக்காது. மற்றக் கட்டிகளைப்போல ஊசி குத்திச் சோதிப்பதில்லை. குத்தினால் பைத்தோல் வழியே பரவ இடமுண்டு. ரத்தத்தில் மூன்று குறிப்பான்களை அளந்துவிட்டு, விதைப்பையைத் தொடாமல் தொடை இடுக்கில் கீறி, தண்டோடு விதையை வெளியே எடுப்பார்கள். வேண்டுமென்றால் அதற்கு முன்பே விந்தைச் சேமித்துவைக்கலாம். கல்யாணமாகாத பையன்களிடம் இதை யாரும் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.