பிள்ளையைப் பிடித்து வைத்திருக்கிறோம் என்றொரு அழைப்பு

பிள்ளை கடத்தப்பட்டுவிட்டான், விபத்தில் அடிபட்டுக் கிடக்கிறான், போலீஸில் மாட்டிக்கொண்டான் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லி, அடுத்த சில நிமிடங்களுக்குள் பணம் அனுப்பச் சொல்லும் தொலைபேசி மோசடி பல நாடுகளில் பரவியிருக்கிறது. மெக்சிகோவில் சிறைக்குள் இருந்த கைதிகளே கைபேசி வைத்துக்கொண்டு இதைத் தொழிலாக நடத்தினார்கள். இந்த மோசடியில் கடத்தல் எதுவும் நடப்பதில்லை. பிள்ளை வகுப்பிலோ விடுதியிலோ விளையாட்டுத் திடலிலோ பத்திரமாக இருக்கும். அழைப்பவரிடம் இருப்பது பெற்றோரின் பயம் ஒன்றுதான். அந்தப் பயம் தெளிவதற்குள் பணம் கைமாறிவிட வேண்டும் என்பதே அவருடைய திட்டம்.

இந்தியாவில் இது பெரும்பாலும் போலீஸ் வேடத்தில் வருகிறது. வாட்ஸ்அப்பில் அழைப்பு வரும். எண் +92 போன்ற வெளிநாட்டுக் குறியீட்டில் தொடங்கலாம். முகப்புப் படத்தில் காக்கிச் சீருடை அணிந்த அதிகாரி ஒருவர் இருப்பார். பிள்ளையும் அவனுடைய நண்பர்களும் போதைப்பொருள் வழக்கிலோ பாலியல் வழக்கிலோ சிக்கியிருப்பதாகவும், வழக்கு பதிவாகி ஊடகங்களுக்குப் போவதற்குள் பணம் கொடுத்தால் பெயரை நீக்கிவிடலாம் என்றும் அவர் சொல்வார். யாரிடமும் சொல்லக் கூடாது, இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளும் கூடவே வரும். மோசடியின் உயிர் இந்த இரண்டு நிபந்தனைகளில்தான் இருக்கிறது.

அழைப்பவருக்குக் குடும்பத்தைப் பற்றி நிறையத் தெரிந்திருப்பதுபோல் தோன்றும். தெரிந்ததில் பாதியை அந்த அழைப்பிலேயே பெற்றோரின் வாயிலிருந்து அவர் வாங்கியிருப்பார். “உங்க பையன் இப்ப எங்க இருக்கான்னு தெரியுமா?” என்று தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். “காலேஜ் போயிருக்கானே, ஏன் சார்?” என்கிறார் தாய். பிள்ளை கல்லூரி மாணவன் என்பது தெரிந்துவிட்டது. அடுத்து ஓர் அழுகுரல் கேட்கிறது: “அம்மா, என்னைக் காப்பாத்துங்கம்மா!” பதறிப்போன தாய், “அருண், என்னடா ஆச்சு?” என்று கத்துகிறார். பெயரும் கிடைத்துவிட்டது. அதன்பின் அழைப்பவர் வாய்க்கு வாய் அருண் என்று சொல்லும்போது, அந்தப் பெயரைக் கொடுத்தது தானே என்பது தாயின் நினைவுக்கு வருவதில்லை. மீதி விவரங்கள் சமூக ஊடகப் பதிவுகளிலிருந்தோ கசிந்த தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தோ வந்திருக்கலாம்.

அழுகுரலை நம்புவதற்கும் காரணம் உண்டு. விம்மி விம்மி அழும்போது எல்லாப் பிள்ளைகளின் குரலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே கேட்கும். பேச்சில் தனி அடையாளமாக இருக்கும் நிதானமும் உச்சரிப்பும் அழுகையில் கரைந்துவிடுகின்றன. குறை இருந்தால், பயந்த மனமே அதை நிரப்பிக்கொள்கிறது. இணையத்தில் கிடைக்கும் சிறு ஒலித்துண்டை வைத்து ஒருவரின் குரலைக் கணினியில் நகலெடுக்கவும் இப்போது முடிகிறது. அதனால் “அது என் பிள்ளையின் குரல்தான்” என்ற உறுதியைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தைச் சேர்ந்த தாய் ஒருவர் தமக்கு வந்த அழைப்பைப் பற்றி 2023 ஜூனில் அந்நாட்டு செனட் குழுவின் முன் விவரித்தார். அவருடைய 15 வயது மகள் பனிச்சறுக்குப் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தாள். தாய் தம் இளைய மகளை அழைத்துவர நடனப் பள்ளிக்குச் சென்றிருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. மூத்த மகளின் அழுகுரல் கேட்டது. பிறகு ஓர் ஆண் பேசி, 10 லட்சம் டாலர் கேட்டான். அவ்வளவு இல்லை என்றதும் 50,000 டாலருக்கு இறங்கினான். அது தம் மகளின் குரல்தான் என்பதில் தாய்க்குத் துளியும் சந்தேகம் வரவில்லை.

அவரைக் காப்பாற்றியது அருகில் இருந்த மற்றத் தாய்மார்கள். அவர் உதவி கேட்டுக் கத்தியதும் ஒருவர் அவசரப் போலீஸ் எண்ணை அழைத்தார். இப்படியொரு மோசடி நடந்துவருகிறது என்று மறுமுனையில் சொன்னார்கள். இன்னொருவர் அந்தத் தாயின் கணவரைத் தொடர்புகொண்டார். சில நிமிடங்களில், மகள் தந்தையோடு பத்திரமாக இருப்பது தெரிந்தது. பணம் போகவில்லை. மிரட்டியவனோடு வாதாடியோ அவனிடம் உண்மையைக் கறந்தோ இது நடக்கவில்லை. வேறொரு தொலைபேசி, வேறொரு ஆள், வேறொரு வழி இருந்ததால்தான் உண்மை வெளிவந்தது. இத்தகைய எந்த அழைப்பையும் சரிபார்க்கும் முறை இதுவே.

வீட்டில் இன்னொருவர் இருந்தால் விஷயத்தை ஒரு தாளில் எழுதிக் காட்டுவது முதல் வேலை. “பையனைக் கடத்திட்டதா சொல்றாங்க, அவன் நம்பருக்குப் போடு” என்ற ஒரு வரி போதும். தனியாக இருப்பவர் பக்கத்து வீட்டுக்கோ கடைக்கோ நடந்து போய் அடுத்தவர் கைபேசியைக் கேட்கலாம். அதற்கும் வழியில்லையென்றால் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பிள்ளையை அழைக்க வேண்டும். அழைப்பவரின் பேச்சுக்கு ஈடுகொடுக்க வேண்டியிருந்தால், “சரியா கேக்கல, மறுபடி சொல்லுங்க” என்று நேரத்தை இழுக்கலாம். பிள்ளையின் பெயரையோ பள்ளியின் பெயரையோ சொல்லிவிடக் கூடாது.

பிள்ளை எடுக்கவில்லை என்றால் அதைக் கடத்தலுக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது. வகுப்பில் கைபேசியை அணைத்து வைத்திருப்பது வழக்கம். பள்ளி அலுவலகம், வகுப்பாசிரியர், வேன் ஓட்டுநர், விடுதிக் காப்பாளர், அறைத் தோழன் என்று பிள்ளையைக் கண்ணால் பார்க்கக்கூடியவர்களை வரிசையாக அழைக்க வேண்டும். “அவன் வகுப்பில் இருக்கிறானா, போய்ப் பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேட்பதே சரியான கேள்வி.

அழைப்பவரிடமே ஒரு சோதனை வைக்கலாம். பிள்ளைக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்டுச் சொல்லச் சொல்ல வேண்டும். பாட்டியை வீட்டில் எப்படிக் கூப்பிடுவான், நேற்று இரவு என்ன சாப்பிட்டான் என்பவை அத்தகைய கேள்விகள். பிறந்த நாள், பள்ளி, நண்பர்களின் பெயர் ஆகியவை சமூக ஊடகத்தில் கிடைத்துவிடும் என்பதால் பயன்படாது. பெரும்பாலும் பதில் வராது, அதட்டல்தான் வரும்.

போலீஸ் என்று சொல்பவரிடம் பெயர், பதவி, எந்தக் காவல் நிலையம் என்று மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் கொடுக்கும் எண்ணுக்கு அழைக்காமல், 112-ஐ அழைத்தோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு நேரில் போயோ விசாரிக்க வேண்டும். கைது செய்தால் உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 48-ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வருவது நடக்கக்கூடியதே. வழக்கிலிருந்து பெயரை நீக்க ஒருவருடைய கைபேசி எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொல்வதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. 18 வயது நிறையாத பிள்ளையைக் காவல் நிலைய லாக்கப்பில் வைக்கவே கூடாது என்று 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தடுக்கிறது. “உங்க பையன் லாக்கப்பில் இருக்கான்” என்று பள்ளி மாணவனின் பெற்றோரிடம் ஒருவர் சொன்னாலே சந்தேகம் வர வேண்டும்.

விபத்து என்று சொன்னால் எந்த மருத்துவமனை, எந்தப் பிரிவு என்று கேட்டு, அந்த மருத்துவமனையின் பொது எண்ணை அழைக்கலாம், அல்லது அங்கே ஒருவரை அனுப்பலாம். அவசர நிலையில் வந்தவருக்கு உயிர்காக்கும் சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. தனி ஆளின் யு.பி.ஐ. எண்ணுக்குப் பணம் வந்தால்தான் அறுவைச் சிகிச்சை தொடங்கும் என்பது அந்தத் தீர்ப்போடு பொருந்தாத கதை.

பிள்ளை வெளிநாட்டில் படிக்கும் குடும்பங்கள் இதன் இன்னொரு வடிவத்தையும் அறிந்திருக்க வேண்டும். 2023 டிசம்பரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் படித்துவந்த 17 வயது சீன மாணவர் ஒருவர் காணாமல் போனார். அவர் கட்டுண்டு கிடப்பதுபோன்ற படம் சீனாவிலிருந்த பெற்றோருக்கு வந்தது. அவர்கள் சுமார் 80,000 டாலர் அனுப்பினார்கள். போலீஸ் தேடியபோது, அவர் மலைப்பகுதியில் கடுங்குளிரில் ஒரு கூடாரத்தில் தனியாக இருந்தார். மோசடிக்காரர்கள் தொலைபேசியிலேயே அவரையும் மிரட்டி, தனியே போகவும் படம் எடுக்கவும் வைத்திருந்தார்கள். இதில் படம் உண்மை, குரலும் உண்மை. கடத்தல் மட்டும் பொய். இப்படிப்பட்ட நிலையில் பெற்றோர் தாங்களாகவே சரிபார்த்துவிட முடியாது. பிள்ளை இருக்கும் ஊரின் போலீஸும் பல்கலைக்கழகமும் உடனே தேட வேண்டும்.

உள்ளூரிலும் அப்படியே. எல்லோரையும் அழைத்தும் பிள்ளை இருக்குமிடம் தெரியவில்லை என்றால் 112-ஐ அழைக்க வேண்டும். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். சம்பவ இடம் தங்கள் எல்லைக்குள் இல்லை என்று சொல்லி அவர்கள் மறுக்க முடியாது. பிள்ளையின் கைபேசி எந்தக் கோபுரத்தோடு தொடர்பில் இருக்கிறது என்பதைப் போலீஸால் அறிய முடியும். கடத்தல் உண்மையாகவே நடந்திருந்தாலும் அதுவே சரியான வழி.

பணம் அனுப்பிய பிறகே மோசடி என்று தெரிந்தால், அந்த நிமிடமே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். மோசடிக்காரர்கள் பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு வேகமாக மாற்றி, ஏ.டி.எம்.மில் எடுத்துவிடுவார்கள். எடுப்பதற்கு முன் புகார் சென்றால் வங்கி அதை முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. எடுத்துவிட்டால் திரும்பக் கிடைப்பது அரிது. அழைக்கும்போது பரிவர்த்தனையின் 12 இலக்க எண், தொகை, நேரம் ஆகியவை கையில் இருக்க வேண்டும். புகாரை cybercrime.gov.in தளத்திலும் பதியலாம். அழைப்புப் பட்டியலையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழித்துவிடக் கூடாது; அவைதான் சாட்சி.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை அதிகமில்லை. பள்ளி அலுவலகம், வகுப்பாசிரியர், பிள்ளையின் நண்பர்கள் இருவர் ஆகியோரின் எண்களைத் தாளில் எழுதி வீட்டில் ஒட்டிவைக்க வேண்டும். ஆபத்து என்று யார் பேசினாலும் கேட்பதற்கு, குடும்பத்துக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல்லை முடிவுசெய்துகொள்ள வேண்டும். அதைப் பகலில் வீட்டில் தனியாக இருக்கும் தாத்தா பாட்டிக்கும் சொல்லிவைப்பது அவசியம். அப்படியோர் அழைப்பு வந்தால் பணம் அனுப்பும் செயலியைத் திறக்காதீர்கள்; முதலில் பிள்ளையின் எண்ணை அழையுங்கள்.