“சில பேர் பாஸ்” என்றால் எத்தனை பேர் பாஸ்?

“டீச்சர், கணக்குப் பேப்பர் திருத்தியாச்சா?”

“திருத்திட்டேன்மா. சில பசங்க பாஸ்.”

இதைக் கேட்ட எந்த அம்மாவுக்கும் வயிற்றைப் பிசையும். யாரோ ஃபெயில் என்று டீச்சர் சொல்லவே இல்லை, ஆனாலும் அம்மாவின் காதில் அதுதான் விழுகிறது. தர்க்கப்படி பார்த்தால் எல்லாரும் பாஸ் ஆகியிருந்தாலும் “சில பசங்க பாஸ்” என்பது பொய்யாகாது. “சில பசங்க பாஸ், சொல்லப்போனா எல்லாருமே பாஸ்” என்று டீச்சர் தொடர்ந்தால், விளையாட்டுக் காட்டுகிறார் என்றுதான் நினைப்போம். முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அப்படியானால் ‘எல்லாரும் இல்லை’ என்ற செய்தி எங்கிருந்து வந்தது? 1967-இல் ஹார்வர்டில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் பால் கிரைஸ் என்ற தத்துவ அறிஞர் இதற்கு ஒரு விடை சொன்னார். பேச்சு என்பது ஒத்துழைப்பு. பேசுபவர் பொய் சொல்ல மாட்டார், தேவையான அளவுக்குத் தகவலும் தருவார் என்று கேட்பவர் எடுத்துக்கொள்கிறார். எல்லாரும் பாஸ் என்றால் டீச்சர் அதையே சொல்லியிருப்பாரே, சொல்லவில்லையே, ஆகவே எல்லாரும் பாஸ் இல்லை. சொல்லாமல் விட்ட சொல்தான் இங்கே சேதி சொல்கிறது.

விளக்கம் அழகானது. ஆனால் அதில் ஒரு குறை உண்டு: எதற்கும் வளைந்து கொடுக்கும். எவ்வளவு உறுதியாக அம்மா அப்படி நினைப்பார், எப்போது நினைக்க மாட்டார் என்று கேட்டால் கிரைஸிடம் எண்ணாக விடை கிடையாது. எண் இல்லாத கொள்கையைத் தவறென்று நிரூபிப்பது கஷ்டம். இந்த இடத்தில்தான் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த மைக்கேல் ஃப்ராங்க், நோவா குட்மன் இருவரும் 2012-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய ஒரே பக்கக் கட்டுரை வந்து சேர்ந்தது. கிரைஸின் யோசனையை நிகழ்தகவுக் கணக்காக அவர்கள் எழுதிக் காட்டினார்கள். இந்த வகைக் கணக்குகளுக்கு ‘ரேஷனல் ஸ்பீச் ஆக்ட்’ மாதிரிகள் என்று பெயர். பகுத்தறிந்து பேசுபவரைப் பற்றிய மாதிரிகள் என்று வைத்துக்கொள்ளலாம்.

கணக்கு பயமுறுத்தாது. நம் டீச்சரிடம் டியூஷன் படிப்பவர்கள் நாலே பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை பேர் தேறியிருப்பார்கள் என்று அம்மாவுக்கு முன்கூட்டி ஒன்றும் தெரியாது. பூஜ்யம் முதல் நாலு வரை எல்லாமே சம வாய்ப்பு. டீச்சர் சொல்லக்கூடிய வாக்கியங்களும் நாலுதான்: யாரும் இல்லை, ஒருத்தர், சில பேர், எல்லாரும்.

முதலில் வெள்ளந்தியான ஒரு கேட்பவரைக் கற்பனை செய்யுங்கள். சொல்லின் நேர்ப்பொருளுக்கு மேல் எதையும் யோசிக்காதவர். “சில பேர் பாஸ்” என்றால் இரண்டு, மூன்று, நாலு மூன்றுமே பொருந்தும் என்று ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புக் கொடுப்பார். “எல்லாரும் பாஸ்” என்றால் நாலு என்று முழுசாக நம்புவார். இப்படி ஒருவர் நிஜத்தில் இல்லை. கணக்குக்கு ஒரு தரை வேண்டும் என்பதற்காக வைத்த ஆள்.

அடுத்து, இந்த வெள்ளந்தி ஆளிடம் விஷயத்தைச் சேர்க்க நினைக்கும் டீச்சர். எந்த வாக்கியம் கேட்பவரை உண்மைக்கு எவ்வளவு அருகில் கொண்டுபோகுமோ அந்த விகிதத்தில் அதைத் தேர்ந்தெடுப்பார். நாலு பேருமே பாஸ் என்று வையுங்கள். “சில பேர்” என்றால் கேட்பவர் நாலு என்று நினைக்க மூன்றில் ஒரு வாய்ப்பு. “எல்லாரும்” என்றால் முழு வாய்ப்பு. இரண்டும் ஒன்றுக்கு மூன்று என்ற விகிதம். ஆகவே அந்த நிலையில் “சில பேர்” என்று சொல்ல 25 சதவீத வாய்ப்பு, “எல்லாரும்” என்று சொல்ல 75 சதவீதம். இரண்டோ மூன்றோ பேர்தான் பாஸ் என்றால் பட்டியலில் பொருந்துவது “சில பேர்” மட்டுமே. அதை 100 சதவீதம் சொல்லியாக வேண்டும்.

கடைசியாக அம்மா வருகிறார். டீச்சர் இப்படித்தான் சொற்களைத் தேர்ந்தெடுப்பார் என்று அவருக்குத் தெரியும். “சில பேர்” என்று காதில் விழுந்ததும், எந்த நிலைமையில் இந்தச் சொல் இவர் வாயில் வந்திருக்கும் என்று பின்னோக்கி யோசிக்கிறார். இரண்டு, மூன்று, நாலு ஆகிய நிலைகளுக்கு எடை முறையே 1, 1, கால். மொத்தம் இரண்டேகால். அதில் நாலுக்குக் கிடைப்பது ஒன்பதில் ஒரு பங்கு, சுமார் 11 சதவீதம். வெள்ளந்தி ஆள் 33 சதவீதம் கொடுத்த இடத்தில் அம்மா 11-தான் கொடுக்கிறார். விளைவிலிருந்து காரணத்துக்குப் போகும் பேய்ஸ் விதி என்பது இவ்வளவுதான். ‘எல்லாரும் இல்லை’ என்பதை எந்த அகராதியும் தரவில்லை, கணக்கு தந்தது.

டீச்சர் எவ்வளவு கறாராகச் சொல் தேர்வார் என்பதற்கும் ஒரு திருகு உண்டு; ஆய்வாளர்கள் அதை ஆல்ஃபா என்பார்கள். மேலே போட்டது ஆல்ஃபா 1. அதை 2 ஆக்கினால் விகிதங்கள் வர்க்கமாகி, நாலுக்கான வாய்ப்பு ஏறக்குறைய 5 சதவீதத்துக்கு இறங்கிவிடும். இந்தத் திருகைப் பரிசோதனைத் தரவுக்கு ஏற்றபடி வைத்துக்கொள்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. ஒரே ஒரு எண் தரவோடு பொருந்தியது என்பதற்காக மாதிரியை மெச்ச முடியாது.

மெச்ச வேண்டிய இடம் வேறு. டீச்சர் வேறு மாதிரி ஆரம்பித்திருந்தால்? “ரெண்டு பேப்பர்தாம்மா பார்த்திருக்கேன். சில பசங்க பாஸ்.” இப்போது அம்மாவுக்கு வயிறு பிசையாது. பார்த்த இரண்டும் பாஸ் என்றாலும், மீதி இரண்டும் தெரியாமல் “எல்லாரும் பாஸ்” என்று சொல்ல டீச்சருக்கு வாய் வராது. சொல்ல முடியாத சொல்லைச் சொல்லவில்லை என்று குறை காண முடியுமா? மாதிரி இதை அப்படியே பிடிக்கிறது: டீச்சருக்கு “சில பேர்” தவிர வேறு வழியில்லாததால், நாலு என்ற நிலைக்கு அந்தச் சொல்லால் எந்தத் தள்ளுபடியும் விழாது. போதாததற்கு, கைக்கு வந்த இரண்டுமே பாஸ் என்பது மிச்சமும் பாஸாக இருக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. அதே சம வாய்ப்பில் தொடங்கிக் கணக்குப் போட்டால் நாலுக்கு 60 சதவீதம் வருகிறது. அதே வாக்கியம்தான், ஒரு தடவை 11, ஒரு தடவை 60.

குட்மனும் ஆண்ட்ரியாஸ் ஸ்டுல்முல்லரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் மனிதர்களிடம் சோதித்தது. மூன்று கடித உறைகள் வந்திருக்கின்றன. சிலவற்றில் செக் இருக்கிறது என்று ஒருவர் சொல்கிறார். மூன்றையும் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்றால் கேட்டவர்கள் ‘மூன்றிலும் இல்லை’ என்ற பக்கம் சாய்ந்தார்கள். எல்லாவற்றையும் பிரிக்காமல் சொல்கிறார் என்று தெரிந்தால் அந்தச் சாய்வு தளர்ந்தது. சொல்லுக்குள்ளேயே ‘எல்லாம் இல்லை’ ஒட்டிக்கொண்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது. கேட்பவர் சொல்லைவிடச் சொன்னவரின் நிலைமையைத்தான் எடைபோடுகிறார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியம் எனக்குத் தெரிந்து குறைவு.

ஆனால் எண்ணாகச் சொல்வதில் ஒரு ஆபத்தும் உண்டு: மாட்டிக்கொள்வோம். இந்த மாதிரி மாட்டிக்கொண்ட இடம் கோலிக்குண்டு. ஒருவன் நீச்சல் குளத்தில் கோலிகளை எறிந்தான். “சில கோலிகள் மூழ்கின” என்று கேள்விப்படுகிறீர்கள். கோலி என்றால் மூழ்கத்தான் செய்யும். நாலு கோலி என்று வைத்து, நாலும் மூழ்க 98 சதவீதம், இரண்டும் மூன்றும் தலா 1 சதவீதம் என்று முன்நம்பிக்கையைப் போடுங்கள். 98-ஐக் காலால் பெருக்கினால் இருபத்து நாலரை. எதிர்ப்பக்கம் வெறும் 2. விடை, நாலும் மூழ்கியிருக்க 92 சதவீதம் வாய்ப்பு! உலகத்தைப் பற்றிய நம்பிக்கை பேச்சின் சேதியை அமுக்கிவிட்டது. ஆனால் நீங்கள் என்ன நினைத்தீர்கள்? ஏதோ சில மிதந்திருக்கின்றன, இது என்ன விசித்திரக் கோலி என்றுதானே?

ஜூடித் டேகனும் மைக்கேல் ஹென்றி டெஸ்லரும் குட்மனும் 2015-இல் இந்த முரண்பாட்டைப் பரிசோதனையில் காட்டி, ஒரு திருத்தமும் தந்தார்கள். கேட்பவர் எத்தனை மூழ்கின என்பதோடு நிறுத்துவதில்லை. இது வழக்கமான உலகமா, ஏதோ ஏடாகூடமான நிலைமையா என்பதையும் சேர்த்தே ஊகிக்கிறார். சாதாரணமாகக் கோலி மூழ்கியிருந்தால் இதை ஒருவர் வேலை மெனக்கெட்டு இப்படிச் சொல்வானேன்? ஏடாகூடம் என்று முடிவானால் பழைய 98 சதவீத நம்பிக்கை செல்லாது; சம வாய்ப்பிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான். இப்படி மாற்றியதும் கணிப்பு மனிதர்களின் விடையோடு நெருங்கியது. ஒட்டுப்போட்ட வேலை என்று சொல்பவர்கள் இருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. வழக்கத்துக்கு மாறான ஒன்றைக் கேட்டால் “என்ன நடந்துச்சு?” என்றுதான் நாமும் திருப்பிக் கேட்கிறோம்.

இன்னும் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. டீச்சரின் வாக்கியங்கள் நாலு என்று வைத்துக்கொண்டோம். யார் சொன்னது? ஐந்தாவதாக “சில பேர் மட்டும்தான் பாஸ்” என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இது இரண்டு, மூன்று ஆகிய நிலைகளுக்கு மட்டும் பொருந்தும் தெளிவான வாக்கியம். இப்போது இரண்டு பேர் பாஸான நிலையில் டீச்சர் வெறும் “சில பேர்” என்று சொல்லும் வாய்ப்பு 100-லிருந்து 40 சதவீதமாகிறது, மூன்றுக்கும் அப்படியே. அம்மாவின் கணக்கில் எடைகள் 40, 40, 25. நாலுக்கான வாய்ப்பு 11-லிருந்து 24 சதவீதத்துக்கு ஏறிவிடுகிறது. ஒரே ஒரு வாக்கியத்தைப் பட்டியலில் சேர்த்ததால் பாதி ஊகம் கரைந்துபோனது.

மாதிரியில் இதற்கு வைத்தியம், நீளமான வாக்கியத்துக்குக் கூடுதல் செலவு விதிப்பது. ‘மட்டும்தான்’ சொல்ல மூச்சு கொஞ்சம் அதிகம் பிடிக்கும், ஆகவே பேசுபவர் அதைத் தவிர்ப்பார் என்று எடுத்துக்கொண்டால் 24 மறுபடி 11-ஐ நோக்கி இறங்கும். ஆனால் எவ்வளவு செலவு விதிப்பது என்பதும், பட்டியலில் எந்தெந்த வாக்கியங்களை வைப்பது என்பதும் பெரும்பாலும் ஆய்வாளர் தன் கையால் எழுதி வைப்பவை. இந்த மாதிரிகளைப் பற்றிய கட்டுரை எதைப் படித்தாலும், முதலில் அந்தப் பட்டியலைத் தேடிப் பாருங்கள்.