50 லட்சம் எத்தனை வருஷம் வரும்?

டேர்ம் பாலிசி எடுக்க வரும் இளம் தம்பதிகளில் பெரும்பாலும் கணவர்தான் பேச்சைத் தொடங்குவார்: “50 லட்சத்துக்கு ஒண்ணு போட்டுடலாம் சார்.” ஏன் 50 என்று கேட்டால் பதில் வராது. ரவுண்டான தொகை, கேட்கப் பெரிதாக இருக்கிறது, அவ்வளவுதான். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் ஆண்டு வருமானத்தைப் பத்தால் பெருக்கிக்கொண்டு வருவார்கள். இரண்டிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கணவருக்கு வயது 32, கையில் வரும் சம்பளம் மாதம் 75,000 ரூபாய். மனைவிக்கு 29, இரண்டு வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறார். வீட்டுக் கடன் பாக்கி 30 லட்சம். பி.எஃப்., சேமிப்பு எல்லாம் சேர்த்து 6 லட்சம். இ.எம்.ஐ. போக வீட்டுச் செலவு மாதம் 40,000. அதில் கணவரின் சொந்தச் செலவைக் கழித்தால், அவர் இல்லாத வீட்டுக்கு மாதம் 32,000 வேண்டும். வருஷத்துக்கு 3.84 லட்சம்.

50 லட்சம் வந்தால் முதலில் கடனை அடைப்பார்கள். மிச்சம் 20. சேமிப்போடு சேர்த்தால் 26 லட்சம். அதை பேங்கில் போட்டு, வரும் வட்டி விலைவாசி ஏற்றத்தை மட்டும் ஈடுகட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், ஏழு வருஷம்கூட முழுசாக வராது. பணம் தீரும்போது குழந்தைக்கு ஒன்பது வயது ஆகியிருக்காது. பத்து மடங்குக் கணக்கில் 90 லட்சம் எடுத்திருந்தால் 17 வருஷம் ஓடும். பிள்ளை காலேஜில் படித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் கை காலியாகும். காலேஜ் ஃபீஸை நான் இன்னும் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

சேர்த்துப் பார்ப்போம். பிள்ளைக்கு 24 வயது ஆகும்வரை, அதாவது 22 வருஷத்துக்கு, வீட்டுச் செலவு சுமார் 84 லட்சம். அதன்பின் மனைவிக்கு மட்டும் மாதம் 20,000 என்று அவரது 80 வயதுவரை வைத்தால் 70 லட்சம். கடன் 30, படிப்புக்கு இன்றைய விலையில் 15. மொத்தத்தில் கையிலுள்ள 6 லட்சத்தைக் கழித்தால் 1.93 கோடி. மனைவி வேலைக்குப் போகப்போகிறார் என்றால் தொகை குறையும். பெற்றோரும் இவர் வருமானத்தை நம்பியிருந்தால் கூடும். ஆபீஸில் கொடுக்கும் குரூப் கவரை இதில் நான் கழிப்பதில்லை. வேலையை விட்ட அன்றைக்கே பொதுவாக அதுவும் போய்விடும்.

“ஒண்ணும் ஆகலைன்னா கட்டின பணம் போச்சே” என்பவர்களுக்காகவே பிரீமியத்தைத் திருப்பித் தரும் பாலிசிகள் இருக்கின்றன. சாதாரண டேர்மைவிட அதற்குக் கணிசமாக அதிகம் கட்டவேண்டும்; முப்பது வருஷம் கழித்துக் கட்டிய தொகை வட்டியில்லாமல் வரும். அதே பட்ஜெட்டில் கவர் தொகைதான் சுருங்கும். நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

இதையெல்லாம்விட ஆபத்தான நம்பிக்கை ஒன்று உண்டு: “சுகர், சிகரெட் எல்லாம் எழுதவேண்டாம், மூணு வருஷம் தாண்டிட்டா கேட்க மாட்டாங்க.” இதில் பாதி உண்மை இருப்பதால்தான் இது இப்படிப் பரவுகிறது. இன்சூரன்ஸ் சட்டத்தின் 45-வது பிரிவு, 2015 திருத்தத்துக்குப் பிறகு, மூன்று ஆண்டுகள் முடிந்த ஆயுள் பாலிசியை எந்தக் காரணத்துக்காகவும், மோசடி என்றுகூட, கேள்வி கேட்க முடியாது என்கிறது. ஆனால் அந்த மூன்று ஆண்டுக்குள் மரணம் நேர்ந்தால் பழைய ஆஸ்பத்திரி ரெக்கார்டுகளைத் தேடி எடுப்பார்கள். ரிஸ்க்கை மாற்றக்கூடிய விஷயம் மறைக்கப்பட்டிருந்தால் கிளெய்மை மறுக்கலாம். மோசடி அல்ல என்றால் கட்டிய பிரீமியம் மட்டும் திரும்பி வரும். 1.93 கோடியை எதிர்பார்த்த வீட்டுக்குச் சில ஆயிரங்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று, அந்த மூன்று ஆண்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கக்கூடும். ஆண்டு பிரீமியத்துக்கு 30 நாள், மாதப் பிரீமியத்துக்கு 15 நாள் கிரேஸ் உண்டு. அதையும் தவறவிட்டு பாலிசி லேப்ஸ் ஆகி, பிறகு புதுப்பித்தால், புதுப்பித்த தேதியிலிருந்து கணக்கு ஓடும். வேலை மாறும்போது சம்பள அக்கவுண்டும் மாறி, ஆட்டோ டெபிட் நின்றுபோவதுதான் நான் அதிகம் பார்க்கும் காரணம்.

பொய் எப்போதும் வாடிக்கையாளர் சொன்னதாகவும் இருப்பதில்லை. அவசரத்தில் ஏஜென்டே எல்லாக் கேள்விக்கும் “இல்லை” என்று டிக் அடித்துவிடுவது எங்கள் தொழிலில் நடக்கிறது. நீங்கள் கொடுத்ததாகச் சொல்லப்படும் புரபோசல் படிவத்தின் நகல் பாலிசியோடு வரும். புகையிலை, பழைய சிகிச்சை, ஏற்கெனவே உள்ள பாலிசிகள் ஆகிய மூன்று இடங்களையும் படித்துப் பாருங்கள். தவறு இருந்தால் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துத் திருத்தச் சொல்லுங்கள். அதற்காக பிரீமியத்தைக் கூட்டி, அது உங்களுக்கு ஒத்துவராவிட்டால், பாலிசி கையில் கிடைத்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். மெடிக்கல் செலவு, முத்திரைத் தாள் கட்டணம், கவர் இருந்த நாட்களுக்கான தொகை ஆகியவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்துவிடுவார்கள்.