இரவுக் கடமையும் மறுநாள் ஓய்வும்

நாம் குடியேறி வாழும் நகரங்களின் பெரிய மருத்துவமனைகளில், நள்ளிரவில் வரும் நோயாளியை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் உறைவிட மருத்துவரே. காலை 8 மணி முதல் மறுநாள் காலை 8 மணி வரை கடமையாற்றும் அவருக்கு, அடுத்து ஒரு முழு நாள் ஓய்வு கிடைக்கக் கடமைப் பட்டியலை எவ்வாறு வகுப்பது?

ஒரு பிரிவில் நால்வர் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொருவருக்கும் முதல் நாள் நீண்ட கடமை. இரண்டாம் நாள் ஓய்வு. அடுத்த இரு நாட்களும் எட்டு மணி நேரப் பகல் வேலை. இவ்வாறு சுழன்றால், எந்நாளும் ஒருவர் நீண்ட கடமையிலும், ஒருவர் ஓய்விலும், இருவர் பகல் வேலையிலும் இருப்பர். வாரத்திற்கு ஏழு நாட்களாதலின், ஞாயிற்றுக்கிழமைக் கடமையும் நால்வருக்கும் மாறி மாறி வரும்.

ஒருவர் விடுப்பில் சென்றால் பகல் வேலையில் ஓராளைக் குறைக்கலாம், ஓய்வைத் தொடலாகாது. இருவர் சென்றால் பகலுக்கு ஆளே மிஞ்சார். ஓய்விலிருப்பவரை அழைக்க நேரும்.

ஓய்வு ஏட்டளவில் நின்றுவிடுவதும் உண்டு. நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைக்கக் காலையில் நேரம் ஒதுக்காவிடில், இரவு விழித்தவர் நண்பகல்வரை அங்கேயே இருப்பார். அவர் வெளியேறும் நேரத்தைக் குறித்துவந்தால் இக்குறை புலப்படும்.

இப்பட்டியலில் ஒருவருக்கு நான்கு நாட்களில் 40 மணி, அதாவது வாரத்திற்குச் சராசரி 70 மணி வேலை. 1992-ல் மத்திய அரசு வகுத்த வரம்போ தொடர்ந்து 12 மணி, வாரத்திற்கு 48 மணி. அவ்வரம்புக்குள் இதே வேலை நடைபெற, நீண்ட கடமையை இருவருக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும்; நால்வருக்குப் பதில் அறுவர் வேண்டும்.