ஒருக்களித்துப் படுத்தால் இடுப்பு வலிக்கிறதா?

52 வயது பள்ளி ஆசிரியை ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரவில் வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் அரைமணி நேரத்தில் இடுப்பின் வெளிப்பக்கம் குடையத் தொடங்குகிறது. இடது பக்கம் திரும்பினால் கொஞ்ச நேரம் நிம்மதி. பிறகு மேலே இருக்கும் அதே வலது இடுப்பு மறுபடி வலிக்கிறது. மாடிப்படி ஏறும்போதும் சுருக்கென்கிறது. வீட்டில் ஒருவர் தேய்மானம் என்கிறார், இன்னொருவர் நரம்பு என்கிறார்.

வலிக்கும் இடத்தை விரலால் தொட்டுக்காட்டச் சொன்னாலே பாதி விடை கிடைத்துவிடும். இடுப்பு மூட்டுத் தேய்மானம் என்றால் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில் இருக்கும். குனிந்து செருப்பு வார் மாட்டுவதே பெரும்பாடாகும். முதுகு நரம்பு அழுந்தினால் வலி பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேயும் இறங்கும், கால் மரத்துப்போகும். இந்த ஆசிரியையோ தொடையின் பக்கவாட்டில், கைக்குத் தட்டுப்படும் எலும்பு முட்டின் மேலேயே விரலை வைக்கிறார். சுவரை லேசாகத் தொட்டபடி வலது காலில் மட்டும் 30 விநாடி நிற்கச் சொன்னால், அதற்குள் அதே வலி வந்துவிடுகிறது. பிருஷ்டத் தசைகளின் தசைநாண் நலிந்திருக்கிறது என்பதற்கு இது நல்ல அடையாளம்.

நாம் ஒரு காலைத் தூக்கும்போது இடுப்பு அந்தப் பக்கம் சரியாமல் பிடித்துக்கொள்ளும் இரண்டு தசைகள் உண்டு. அவற்றின் தசைநாண்கள் அந்த எலும்பு முட்டில்தான் வந்து ஒட்டுகின்றன. அவற்றுக்கு மேலே இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஒரு தடித்த பட்டை ஓடுகிறது. தொடை உள்பக்கமாகச் சாயும்போதெல்லாம் இந்தப் பட்டை தசைநாணை எலும்போடு சேர்த்து நசுக்கும். இழுவையைத் தாங்கப் பிறந்தது தசைநாண். நாள்தோறும் நசுங்கினால் அதன் நார்கள் கெட்டுவிடும். முன்பெல்லாம் அங்குள்ள நீர்ப்பையின் வீக்கம்தான் காரணம் என்றார்கள். ஸ்கேன்கள் வந்த பிறகு, பெரும்பாலும் தசைநாணிலேயே கோளாறு என்பது தெரிந்தது. 40 வயதைத் தாண்டிய பெண்களுக்கு இது ஆண்களைவிட அதிகம். மாதவிடாய் நிற்கும் காலத்து ஹார்மோன் குறைவுக்கும் இதில் பங்கிருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

இனி ஆசிரியையின் ஒரு நாளைப் பாருங்கள். வகுப்பில் ஒரு காலில் பாரம் போட்டு இடுப்பை ஒடித்து நிற்கிறார். ஓய்வறையில் கால்மேல் கால் போட்டு உட்காருகிறார். வலிக்கிறதே என்று முழங்காலை எதிர்த் தோள்பக்கம் இழுத்து நீட்டிப் பார்க்கிறார். மூன்றுமே தசைநாணை நசுக்குபவை. மூன்றாவதைச் சிகிச்சை என்று நினைத்துச் செய்வதுதான் பரிதாபம். இரவில் இடது பக்கம் படுக்கும்போது வலது முழங்கால் சரிந்து மெத்தையைத் தொடுவதும் அதே கதைதான். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தாங்கும்படி தடித்த தலையணையைக் கால்களுக்கு நடுவே வைத்தால் அது குறையும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து மல்லாந்து படுப்பது இன்னும் நல்லது. பாயில் படுப்பவர்கள் கனத்த போர்வையை மடித்து விரித்துக்கொள்ளலாம்.

இவை வலியை அடக்கும். தசைநாணைத் தேற்றுவது பயிற்சிதான். முதலில் மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, முழங்காலுக்குச் சற்று மேலே ஒரு துப்பட்டாவைத் தளர்வில்லாமல் கட்டிக்கொள்ள வேண்டும். தொடைகளை விரிக்கப் போவதுபோல் மெதுவாக வெளியே அழுத்தி 10 விநாடி வைத்திருந்து விட வேண்டும். கால் அசையக்கூடாது, முக்கக் கூடாது. காலை ஐந்து முறை, மாலை ஐந்து முறை போதும். ஓரிரு வாரத்தில் இது சுலபமானதும், அதே நிலையில் இடுப்பை மெல்லத் தூக்கி இறக்குவதைப் பத்து முறை சேர்க்கலாம். அடுத்து, கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. பிறகு பாரத்தை மெல்ல மெல்ல வலிக்கும் காலுக்கு மாற்றுவது. கண்ணாடி முன் செய்தால், இடுப்பு ஒரு பக்கம் சரிகிறதா, முழங்கால் உள்ளே சாய்கிறதா என்று தெரியும். சாய்ந்தால் முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும். செய்யும்போது லேசாக வலித்தால் பயமில்லை. அன்றிரவு வலி கூடினால் அளவு மீறிவிட்டது என்று பொருள்.

பலர் ஸ்டீராய்டு ஊசியைத்தான் முதலில் கேட்கிறார்கள். 2018-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில் 204 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். எட்டு வாரம் கழித்து நன்றாகத் தேறியதாகச் சொன்னவர்கள், பயிற்சியும் அன்றாடப் பழக்கங்களுக்கான ஆலோசனையும் பெற்ற குழுவில் 77 சதவீதம், ஊசி போட்டவர்களில் 58, சும்மா காத்திருந்தவர்களில் 29. ஓராண்டு கழித்தும் பயிற்சிக் குழுவே முன்னணியில் இருந்தது. ஆகவே முதலில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் போவது என் பரிந்துரை.

ஆனால் கீழே விழுந்த பிறகு வந்த வலி, காய்ச்சலோடு வரும் வலி, எப்படிப் படுத்தாலும் விடாத வலி, நொண்டி நடக்கும் அளவுக்குப் பலவீனம், முன்பு புற்றுநோய் இருந்தது என்றால் பயிற்சியைத் தொடங்காமல் நேராக மருத்துவரைப் பாருங்கள்.